ஆல்டிஹைடா, கீட்டோனா, ஆல்கஹாலா, ஃபீனாலா? சோதனைக் குழாய்க் கேள்விகள்

பிளஸ் டூ மாணவி: சார், பெயர் தெரியாத திரவம் கொடுத்தால் எதில் தொடங்குவது?

ஃபீனாலில் தொடங்கும்மா. இரண்டு துளி திரவத்தை ஆல்கஹாலில் கரைத்து, நடுநிலை ஃபெரிக் குளோரைடு ஓரிரு துளி விடு, ஊதா வந்தால் பெரும்பாலும் ஃபீனால். பாட்டிலில் இருக்கும் கரைசலில் அமிலம் இருக்கும், அது நிறத்தைக் கெடுத்துவிடும். அதனால் லேசான பழுப்பு வீழ்படிவு கரையாமல் நிற்கும்வரை நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டு, வடிகட்டிய பிறகு பயன்படுத்து. நிறம் வராவிட்டால் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின், அதாவது டி.என்.பி. சோதனை செய். அதில் மஞ்சளோ ஆரஞ்சோ வீழ்படிந்தால் ஆல்டிஹைடு அல்லது கீட்டோன். அதுவும் இல்லையென்றால்தான் ஆல்கஹாலைத் தேட வேண்டும்.

பி.எஸ்சி. மாணவன்: டி.என்.பி.யில் ஆரஞ்சு வந்தது, ஃபெலிங்கில் சிவப்பு வரவில்லை. அப்போ கீட்டோன்தானே அண்ணா?

பாதிதான் சரி தம்பி. பென்சால்டிஹைடும் ஃபெலிங்கில் பேசாமல் இருக்கும், அதனால் ஃபெலிங்கை மட்டும் நம்பி கீட்டோன் என்று எழுதாதே. டாலன்ஸ் செய்து பார். சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பு வீழ்படிவு வரும், அது கரையும் அளவுக்கு மட்டும் நீர்த்த அம்மோனியா சேர். பிறகு அதில் உன் திரவத்தின் சில துளிகளை விட்டு, பென்சால்டிஹைடு நீரில் கரையாது என்பதால் நன்றாகக் குலுக்கி, வெந்நீரில் வை. நேரடிச் சுடர் வேண்டாம். பென்சால்டிஹைடு என்றால் வெள்ளி ஆடி படியும், அசிட்டோஃபீனோன் என்றால் படியாது. குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆடிக்குப் பதில் கரும்பொடிதான் வரும், அதுவும் ஆல்டிஹைடுக்கான அடையாளமே.

அதே மாணவன்: மீதி டாலன்ஸ் கரைசலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தயாரி, வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழித்துவிடு.

ஆய்வக உதவியாளர் ஒருவர்: எங்கள் பிள்ளைகள் சோடியம் போட்டதும் குமிழ் வந்தது, ஆல்கஹால் என்று எழுதிவிட்டார்கள். சரியா ஐயா?

போதாது. ஈரக் குழாயில் இருக்கும் தண்ணீரும், ஃபீனாலும், அமிலமும்கூட அதே குமிழைத் தரும். செரிக் அமோனியம் நைட்ரேட்டில் சில துளி விடச் சொல்லுங்கள், மஞ்சள் சிவப்பாக மாறினால் ஆல்கஹால் என்று தெம்பாகச் சொல்லலாம். ஃபீனாலாக இருந்தால் அது கரும்பழுப்பாகிக் குழப்பும். ஃபெரிக் குளோரைடு முதலில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓர் ஆசிரியை: எனக்கு ஊதா வரவில்லை, பச்சை வந்தது. ஃபீனால் இல்லை என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம் மேடம். கேட்டகால் போன்ற சில ஃபீனால்கள் பச்சைதான் தரும். ஆனால் ஃபெரிக் குளோரைடு அதிகமாகிவிட்டால் அதன் மஞ்சள் நீல நிறத்தோடு கலந்தும் பச்சையாகத் தெரியும். வெறும் ஆல்கஹாலில் ஒரு துளி விட்டு, உங்கள் குழாயோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் பச்சைதான் என்றால், இந்த ஒரு சோதனையை வைத்து எந்த ஃபீனால் என்று என்னால் சொல்ல முடியாது. கொதிநிலையும் டி.என்.பி. முடிவும் தெரிந்தால் எழுதுங்கள்.