போனை வைத்ததும் வரும் தனிமை

"அக்கா, படிக்க வந்து ஆறு வாரம் ஆச்சு. முதல் ரெண்டு மூணு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ வகுப்பு முடிஞ்சா நேரா ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிறேன். தினமும் ராத்திரி வீட்டுக்கு ரெண்டு மணி நேரம் பேசுறேன், ஆனா போனை வெச்சதும் முன்னைவிட தனியா இருக்கிற மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படியா? என்ன பண்றது?"

தம்பி, உங்களுக்கு மட்டும் இல்லை. வந்த புதிதில் கைநிறைய வேலை இருக்கும். வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, வகுப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போவோம். அதெல்லாம் முடிந்து, பாடம் கனமாகத் தொடங்கும் நேரத்தில்தான் சாயங்காலம் வெறிச்சோடிப் போனது தெரியும். நான் பார்த்த மாணவர்களில் பலருக்கும் செமஸ்டரின் நடுவில்தான் இது வந்தது.

வீட்டுக்குப் பேசியும் ஏன் தீரவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மனதுக்கு மிக நெருங்கிய ஒருவர் பக்கத்தில் இல்லாத ஏக்கம். இன்னொன்று, நம்மைச் சுற்றி நாலு பேர் இல்லாத தனிமை: சேர்ந்து சாப்பிட, நாளைக்கு என்ன பாடம் என்று கேட்க, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேட. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்வதில்லை என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. அம்மாவிடம் பேசினால் முதல் ஏக்கம் ஆறும். இரண்டாவதை எவ்வளவு நேரம் பேசினாலும் போன் தீர்க்காது. அதோடு, நீங்கள் பேசும் அந்த இரண்டு மணி நேரம்தான் இங்கே உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்து உட்காரும் நேரமும்கூட.

அதனால் போனை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நீளமாகப் பேசுங்கள். மற்ற நாட்களில் காலையில் கிளம்பும்போது பத்து நிமிடம் போதும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார்கள்.

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்குக் களைப்பும் ஒரு காரணம். கல்ச்சர் ஷாக் என்ற பேச்சைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். எப்போது கைகுலுக்குவது, யாரிடம் என்ன பேசுவது, ஒருவர் சொன்னதை எவ்வளவு தூரம் நம்புவது என்று யோசிக்காமலே நாம் கடைப்பிடிக்கும் குறிப்புகள் புதிய இடத்தில் செல்லாமல் போகின்றன. ஊரில் தானாக நடந்ததையெல்லாம் இங்கே யோசித்து யோசித்துச் செய்கிறோம். வேற்று மொழியில் நாள் முழுவதும் காது கொடுத்துக் கேட்பதும் சேர்ந்தால் சாயங்காலம் மூளை ஓய்ந்துபோகும். எனவே வகுப்பு முடிந்து அரை மணி நேரம் யாரிடமும் பேசாமல் படுத்திருங்கள், தப்பே இல்லை. ஆனால் எழுந்து வெளியே போவதற்கு ஒரு காரணத்தை முன்பே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் மனசு ரூமைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அந்தக் காரணத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். எல்லா நேரமும் இதில் சமமில்லை. வேலையிடத்தில் ஒன்றாக இருந்த நேரம் நெருக்கத்தைக் கூட்டவில்லை, ஓய்வாகச் சேர்ந்திருந்த நேரம்தான் கூட்டியது. ஒரே வகுப்பில் செமஸ்டர் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரளவில் தெரிந்தவராகவே நின்றுவிடுவது ஏன் என்று இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

15 வார செமஸ்டர் என்றால் உங்களுக்கு இன்னும் 9 வாரம் இருக்கிறது. 50 மணி நேரத்தை அதில் பிரித்தால் வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வேதியியல் படிக்க வந்தவள், உங்களைப் போலவே நடு செமஸ்டரில் ஒடுங்கிப்போயிருந்தாள். அவள் புதிதாக எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த மூன்று காரியங்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நூலகத்தில் கணக்குப் போட்ட பிறகு சேர்ந்து சாப்பிடுவது, ஒன்றரை மணி நேரம். வியாழன் ஆய்வக வகுப்பு முடிந்து விடுதிவரை நடந்து வருவது, வழியில் உட்கார்ந்து பேசுவதோடு ஒரு மணி நேரம். சனிக்கிழமை துணி துவைத்து, வாரச் சாமான் வாங்குவது, மூன்று மணி நேரம். துணி இயந்திரத்தில் சுற்றி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். செய்ய வேறு எதுவும் இருக்காது, அதனால்தான் பேச்சு வந்தது. நூலக நேரத்தை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது வரவழைக்க ஒரு சாக்கு மட்டுமே.

தொடக்கத்தில் ஒருவர் வரவில்லை, இன்னொருவர் கடைசி நிமிடத்தில் மாற்றினார். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான், நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். தனிமையில் இருக்கும்போது சின்னத் தயக்கமும் புறக்கணிப்பாகத் தெரியும். அவள் யாரும் வராத நாளிலும் அதே மேசைக்குப் போனாள். அதே நாள், அதே இடம் என்பதை மட்டும் மாற்றவில்லை. நாலைந்து வாரம் கழித்து, "இன்னிக்கு வர்றியா?" என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால், அல்லது அவர்கள் தங்கள் கஷ்டத்தை உங்களிடம் முதலில் சொன்னால், உறவு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். எட்டு வாரம் ஆகியும் ஒருவர் அசையவே இல்லை என்றால் வருத்தப்படாமல் வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களோடு மட்டும் பழகலாமா என்று பலர் கேட்பார்கள். பழகுங்கள், அது உங்களுக்கு ஓய்வு. ஆனால் நீங்கள் சேர்த்துக்கொள்பவர்களில் ஒருவராவது இந்த ஊர் நடைமுறை தெரிந்தவராக இருந்தால், பேராசிரியர் எழுதிய மின்னஞ்சலுக்கு உண்மையில் என்ன பொருள் என்று கேட்க ஆள் இருக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, வகுப்புக்கே போக முடியாமல் போனாலோ, பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் பிரிவில் நேரம் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம், அதனால் முற்றும்வரை தள்ளிப்போட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்கள்.

மற்றபடி, இன்று செய்ய வேண்டியது ஒரே ஒரு செய்தி அனுப்புவது. "எப்போதாவது சந்திப்போம்" என்று எழுதினால் ஆகட்டும் என்று பதில் வரும், சந்திப்பு நடக்காது. நாளும் நேரமும் போட்டு, வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொனியில் எழுதுங்கள்: "செவ்வாய் அஞ்சு மணிக்கு நூலகத்துல மூணாவது கணக்கைப் போடப் போறேன். ஆறரைக்கு முடிச்சிட்டுச் சாப்பிடப் போவேன். வர முடிஞ்சா வா." யாருக்கு அனுப்பலாம் என்று குழப்பமாக இருந்தால், சென்ற வாரம் உங்களிடம் எதையாவது கேட்டவர் யார் என்று யோசியுங்கள், அவருக்கே அனுப்புங்கள்.