அந்த ஒரே வரியை ஏன் இத்தனை முறை பாடுகிறார்கள்?

கேள்வி: சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலி கேட்க ஆசை. ஆனால் யூடியூபில் போட்டால் நாலாவது நிமிடத்திலேயே அலுத்துவிடுகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், இந்தியும் எனக்கு அரைகுறை. அதே பாட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். அடுத்த மாதம் டெல்லி போகிறேன், வியாழக்கிழமை நிஜாமுத்தீன் தர்காவில் கேட்க வேண்டும். முன்வரிசை 'பாஸ்' வாங்கித் தர ஒருவர் 3000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? எதைக் கவனித்துக் கேட்பது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தர்கா முற்றத்தில் கவ்வாலி கேட்க டிக்கெட் கிடையாது, பாஸும் கிடையாது. தலையை மூடிக்கொண்டு போய், இடம் இருக்கும் இடத்தில் தரையில் உட்கார வேண்டியதுதான்.

இனி உங்கள் அலுப்புக்கு வருவோம். நாலாவது நிமிடத்தில் கவ்வாலி பெரும்பாலும் கதவைத்தான் திறந்திருக்கும். அதற்குள் எழுந்து போய்விடுகிறீர்கள்.

கோஷ்டி உட்காரும் விதத்தை முதலில் பாருங்கள். வழக்கமாக எட்டு, பத்துப் பேர் இரண்டு வரிசையாக இருப்பார்கள். முன்வரிசையில் தலைமைப் பாடகர், பக்கத்தில் அவருக்குத் துணையாகப் பாடும் ஒருவரோ இருவரோ, ஆர்மோனியம். பின்வரிசையில் டோலக் அல்லது தப்லா, மற்றவர்கள் பின்பாட்டு. இந்தப் பின்பாட்டுக்காரர்கள் கைதட்டுவதை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம், அது அவர்கள் கையிலிருக்கும் வாத்தியம். பெரும்பாலான பாட்டுகள் எட்டு எண்ணிக்கைத் தாளத்தில் போகும். ஒன்றிலும் ஐந்திலும் தட்டு விழும். அந்தத் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், பாஷை தெரியாவிட்டாலும் வழி தவறாது.

கவிஞர் அமீர் குஸ்ரு பெயரில் வழங்கும் 'சாப் திலக்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். தர்காவில் நீங்கள் கேட்க வாய்ப்புள்ள பாட்டு இது. முதலில் ஆர்மோனியம் தனியாக ஓடும். பிறகு தாளம் இல்லாமல், நம் ஊர் விருத்தம் போல, ஒரு ஈரடியை இழுத்துப் பாடுவார்கள். டோலக் இன்னும் சும்மா இருக்கும். இந்த இடத்தில்தான் பலரும் பாட்டை ஓட்டிவிட்டு நடுவுக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள். தாளம் இல்லாத இந்த நேரத்தில்தான் காது சுருதிக்குப் பழகுகிறது. பிறகு டோலக் 'தும்' என்று விழும்போது உடம்பு நிமிர்வதும் இதனால்தான்.

அடுத்து பல்லவி: 'சாப் திலக் சப் சீனீ ரே மோஸே நைனா மிலாய்கே'. கண்ணோடு கண் சேர்த்து என் அடையாளத்தையெல்லாம் பறித்துக்கொண்டாய் என்று பொருள். தலைவர் பாடுவார், பின்பாட்டு அப்படியே வாங்கிப் பாடும். இரண்டு மூன்று முறை இப்படிப் போனதும் அடுத்த அடி வரும்: 'பிரேம் பட்டீ கா மத்வா பிலாய்கே', காதல் மதுவை ஊட்டி. 'மத்வாலீ கர் லீனீ ரே', மயங்க வைத்தாய். அது முடிகிற இடத்தில் 'மோஸே நைனா மிலாய்கே' என்ற அதே வால் மறுபடி வந்து ஒட்டும். அடுத்த அடிக்கும் அதே வால், அதற்கடுத்ததற்கும் அதே வால். நீங்கள் பிடிக்க வேண்டியது இந்த வாலைத்தான். புது அடியின் அர்த்தம் தெரியாவிட்டால் பரவாயில்லை. அது எங்கே திரும்பி வாலுக்கு வரும் என்று மட்டும் காத்திருங்கள்.

இந்த வாலைப் பாடும்போது பின்பாட்டு செய்யும் ஒரு வேலையைக் கிட்டத்தில் கவனியுங்கள். தலைவர் கடைசிச் சொல்லை முடிப்பதற்குள்ளேயே அவர்கள் நுழைந்துவிடுவார்கள். இரண்டு குரலும் ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று படியும். அதற்குக் காரணம் இருக்கிறது. தலைவர் மேல்ஸ்தாயியில் முழுக் குரலில் பாடுகிறார், அவருக்கு மூச்சு வேண்டும். பின்பாட்டு பாடும் அந்தச் சில நொடிதான் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வு கேட்பவர் காதில் வெற்றிடமாக விழக்கூடாது, விழுந்தால் கவனம் செருப்பைத் தேடிப் போய்விடும். இடைவெளியே இல்லாமல் ஒலி நிரம்பி நிற்பதால்தான் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லாமல் போகிறது.

நடுவில் திடீரென்று தாளம் ஒதுங்கி, சம்பந்தமில்லாததுபோல வேறு ஒரு ஈரடி வரும். 'குஸ்ரு தரியா பிரேம் கா, உல்டீ வா கீ தார். ஜோ உத்ரா ஸோ டூப் கயா, ஜோ டூபா ஸோ பார்'. காதல் நதியின் ஓட்டமே தலைகீழ், இறங்கியவன் மூழ்கினான், மூழ்கியவனே கரை சேர்ந்தான். இதற்கு கிரஹ் என்று பெயர், முடிச்சு என்று பொருள். வேறு கவிதையைக் கொண்டுவந்து மூலப் பாட்டோடு தலைவர் முடிச்சுப் போடுகிறார். ஈரடியின் கடைசிச் சொல்லிலிருந்து நேரே பல்லவிக்குள் குதிப்பார், டோலக்கும் அதே நொடியில் விழும். இப்போது 'பறித்துக்கொண்டாய்' என்ற பழைய சொல்லுக்குள் மூழ்கினவனும் வந்து உட்கார்ந்துவிட்டான். பத்தாவது முறை கேட்கும்போது அந்த வரி முதல் முறை கேட்டதாக இருக்காது. நல்ல கோஷ்டியை அடையாளம் காண இந்த முடிச்சைப் பார்த்தாலே போதும். முடிச்சு பொருந்தாவிட்டால் தாளம் தடுமாறிப் பல்லவி அரை எண்ணிக்கை தள்ளி விழும். பின்பாட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதற்குப் பிறகுதான் ஏற்றம். வரி குறுகிக்கொண்டே வரும். முழு அடி, பிறகு பாதி அடி, பிறகு 'நைனா மிலாய்கே' மட்டும். தலைவர் ஒரு முறை, பின்பாட்டு ஒரு முறை என்று பந்து போல எறிவார்கள். வரி குறுகுவதால் பதில் அடிக்கடி வருகிறது. தாளத்தின் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து வேகத்தை இரண்டு மடங்காக உணர்த்தும். கர்நாடக சங்கீதத்தில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரே சொல்லைப் பல விதமாகத் திருப்புவது புதிதல்ல. அங்கே வித்வானின் கற்பனை வழி நடத்தும். இங்கே எதிரில் இருப்பவரின் முகம் வழி நடத்துகிறது. ஒரு சொல்லுக்கு ஒருவர் தலையை ஆட்டினால், கண் கலங்கினால், எழுந்து வந்து காணிக்கை வைத்தால், அந்தச் சொல்லிலேயே கவ்வால் நிற்பார். யாரும் அசையவில்லை என்றால் அடுத்த அடிக்குப் போய்விடுவார். ஒரே பாட்டு ஒரு நாள் ஏழு நிமிடம், ஒரு நாள் அரை மணி நேரம் ஓடுவது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் போனால் தர்காவில் குழம்பிப் போவீர்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும் என்றேன். ஆனால் கேட்பவர் ஒருவர் தன்னை மறந்த நிலைக்கு, அவர்கள் மொழியில் 'ஹால்' என்பதற்கு, போய்விட்டால் முன்னேற்றம் நின்றுவிடும். எந்தச் சொல்லில் அவர் எழுந்தாரோ அந்தச் சொல்லை விட்டுக் கவ்வால் நகரக்கூடாது. அவர் நிதானத்துக்கு வரும் வரை, பத்து நிமிடமானாலும், அதே சொல், அதே வேகம். வேகத்தைக் கூட்டவும் மாட்டார்கள், சட்டென்று நிறுத்தவும் மாட்டார்கள். இதன் பின்னால் சிஷ்தி என்ற சூஃபி மரபு 1235ஆம் ஆண்டிலிருந்து சுமந்து வரும் நினைவு ஒன்று உண்டு. டெல்லியில் அந்த மரபின் ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கி ஒரு பாரசீக ஈரடியைக் கேட்டு ஹாலில் ஆழ்ந்தார். இறைவனுக்குப் பணிதல் என்ற கத்தியால் வெட்டுண்டவருக்கு நொடிக்கு நொடி மறைவுலகிலிருந்து புது உயிர் கிடைக்கிறது என்பது அதன் பொருள். முதல் அடியில் உயிர் போவதுபோலவும் இரண்டாம் அடியில் திரும்புவதுபோலவும் இருந்ததாம். நாட்கணக்கில் அப்படி இருந்து, அதிலேயே அவர் மறைந்தார் என்று மரபு சொல்கிறது. ஆகவே பாட்டு ஒரே இடத்தில் சுற்றினால் 'மறந்துவிட்டார்களா' என்று பக்கத்தில் கேட்காதீர்கள். யார் எழுந்து நிற்கிறார் என்று பாருங்கள். அவரைத் தொடாதீர்கள், செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

வீட்டில் பழக எந்தப் பதிவைப் போடுகிறீர்கள் என்பதில்தான் பெரிய ஏமாற்று. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். அன்று வெட்டியது கருவியின் குறை, மன்னிக்கலாம். இன்று எந்தக் குறையும் இல்லாமல், ஆர்மோனிய முகப்பை வெட்டி, தாளமில்லாத ஈரடியை வெட்டி, மிஞ்சிய உச்சக்கட்டத்தை மட்டும் ஐந்து நிமிடமாக்கி 'கவ்வாலி' என்று விற்கிறார்கள். மாடிப்படியை இடித்துவிட்டு மொட்டை மாடியை மட்டும் வாடகைக்கு விடுகிற வேலை இது. விழா அமைப்பாளர்கள் இன்னும் மோசம்: நாற்பது நிமிடம் கொடுத்து ஐந்து பிரபலமான பாட்டு பாடு என்கிறார்கள். அதற்குள் எந்த மனிதர் எந்தச் சொல்லில் நிற்பார்? கேட்கிறவர் கண் கலங்கவில்லை என்றால் பழி பாட்டின் மேல் விழுகிறது. சினிமா கவ்வாலியும் முதலிலேயே நீளம் அளந்து எழுதியது, அதில் இந்தப் பழக்கம் வராது.

வெட்டின சரக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். குறைந்தது 15 நிமிட நேரடிப் பதிவாக எடுங்கள். மூன்றாவது நிமிட வாக்கில், தாளம் வந்த பிறகு, 15 நொடிக்கு எத்தனை கைதட்டு என்று எண்ணுங்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் மறுபடி எண்ணுங்கள். முதலில் 20 இருந்தது பிறகு 27, 28 ஆகியிருந்தால் மனிதர்கள் பாடியது. அச்சு அசலாக 20-20 என்றால் பெரும்பாலும் இயந்திரத் தாளம். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறைந்து முடிந்தாலும் சந்தேகப்படுங்கள். மனிதர்கள் பாடும் கவ்வாலி சட்டென்றோ, வேகம் தணிந்தோ, கண்ணெதிரே முடியும்.

அந்தப் பதிவை மூன்று முறை கேளுங்கள், மூன்று வெவ்வேறு நாளில். முதல் நாள் கைதட்டை மட்டும், இரண்டாம் நாள் அந்த வாலை மட்டும், மூன்றாம் நாள் தலைவருக்கும் பின்பாட்டுக்கும் குரல் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தை மட்டும். பாட்டின் தமிழ் அர்த்தத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம், பல்லவிக்கு மட்டும் போதும்.

டெல்லியில் மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறைந்ததும் நடக்கும் தொழுகைக்கு, முன்பே முற்றத்துக்குள் போய்விடுங்கள். தொழுகை நேரத்தில் பாட்டு நிற்கும், எழுந்து போக வேண்டாம். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் உட்காராமல், தலைவரின் கையும் பின்வரிசையின் உள்ளங்கையும் தெரியும் இடமாகப் பாருங்கள். பெண்கள் கல்லறை அறைக்குள் போக முடியாது, ஆனால் முற்றத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தர்காவுக்குப் போகும் சந்தில் செருப்பை இங்கேயே விடு, பூத்தட்டு கட்டாயம் என்பார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை. பெரிய தொகைகளை எழுதிய நோட்டைக் காட்டி நன்கொடை கேட்டாலும் நில்லாமல் நடங்கள். சட்டைப் பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். ஏதாவது ஒரு சொல் உங்களைத் தொட்டால், எழுந்துபோய் பாடுகிறவர் முன்னால் நீங்களே வைத்துவிட்டு வாருங்கள். தலைவர் நிமிர்ந்து பார்ப்பார், அடுத்த முறை அதே சொல்லை உங்கள் பக்கம் திரும்பிப் பாடவும் கூடும்.