புதுச் சாவி கேட்பதா, புதுப் பூட்டு கேட்பதா?

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வாசல் கதவுக்கு ஓனர் இரண்டு சாவி கொடுத்தார். அதில் ஒன்று கடையில் வெட்டிய டூப்ளிகேட் என்று பார்த்தாலே தெரிகிறது. எங்களுக்கு முன்பு இரண்டு குடும்பங்கள் இருந்திருக்கின்றன. நானும் கணவரும் பகல் முழுவதும் வேலைக்குப் போய்விடுகிறோம். பூட்டை மாற்றித் தரச் சொன்னால் ஓனர் தவறாக நினைப்பாரோ? சட்டப்படி அது அவர் பொறுப்புதானே? குறைந்தபட்சம் புதுச் சாவியாவது கேட்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதே பூட்டுக்குப் புதிதாக இரண்டு சாவி வாங்கிக்கொள்வதால், வெளியே இருக்கக்கூடிய பழைய சாவிகளில் ஒன்றுகூடச் செல்லாததாகிவிடாது. ஊரில் உலவும் சாவிகளின் எண்ணிக்கைதான் இரண்டு கூடும். ஆகவே ஓனரிடம் "புதுச் சாவி வேண்டும்" என்று கேட்காதீர்கள். அவரும் தெருமுனைக் கடையில் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார். பழைய சாவி திறக்காதபடி செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சற்று ஏமாற்றமான செய்தி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டுச் சட்டம்), எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் பக்கம் வருகின்றன. கதவு, அலமாரி ஆகியவற்றின் பூட்டுகளையும் கைப்பிடிகளையும் மாற்றுவது, குழாய் வாஷர் மாற்றுவதோடு சேர்த்து, குடியிருப்பவர் பக்கம் வருகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். ஆகவே முதலில் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பூட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. எனவே சட்டத்தைச் சொல்லி அவரை நெருக்குவது சரிப்படாது. செலவை யார் ஏற்பது என்பதைப் பேச்சில் விட்டுக்கொடுத்து, மாற்றுவதற்கான சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வதே உங்களுக்கு லாபம்.

அந்தச் செலவு எவ்வளவு என்பது உங்கள் கதவில் இருக்கும் பூட்டைப் பொறுத்தது. இப்போதைய அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவின் பலகைக்குள்ளேயே பதித்த மார்ட்டிஸ் பூட்டுதான் இருக்கும். கைப்பிடிக்குக் கீழே, சாவி நுழையும் இடத்தில் பித்தளையாலோ ஸ்டீலாலோ ஆன சிறு உருளை ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குச் சிலிண்டர் என்று பெயர். சாவியின் வெட்டை அறிந்துகொள்வது அந்தச் சிலிண்டர் மட்டுமே. மற்றப் பகுதிகளுக்குச் சாவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை, கதவில் ஒரு புதுத் துளைகூடப் போட வேண்டியதில்லை. கதவைத் திறந்துவைத்து அதன் விளிம்பைப் பார்த்தால், சிலிண்டருக்கு நேராக ஒரு நீளமான திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியை நுழைத்துச் சற்றே திருப்பி, உள்ளே இருக்கும் நாக்கு உடலோடு ஒட்டி மறையும் நிலையில் இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். பழக்கப்பட்ட தச்சருக்குப் பத்து நிமிட வேலை.

வாங்கும்போது தவறு நேர்வது அளவில்தான். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும். 30க்கு 30 என்றால் 60 மி.மீ., 35க்கு 35 என்றால் 70 மி.மீ. கழற்றியதையே கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது. அளவு பெரிதாகிவிட்டால் சிலிண்டர் தகட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும். அப்படி நிற்பதைக் குறடால் பிடித்து உடைத்துவிட முடியும் என்பதால், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. உள்பக்கம் சாவித் துளைக்குப் பதிலாகத் திருகும் குமிழ் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்; இரவில் தீப்பற்றினால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மாட்டியபின் கதவைத் திறந்துவைத்தபடியே எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். (சாத்திவிட்டுச் சோதித்து, வெளியே நின்ற அனுபவம் எனக்குண்டு.)

உங்கள் கதவில் இருப்பது உள்பக்கமாகப் பெட்டிபோல் பொருத்திய நைட் லாட்ச் என்றால், சில மாதிரிகளில் சிலிண்டரைத் தனியே மாற்றலாம், சிலவற்றில் முழுப் பூட்டையும்தான் மாற்ற வேண்டியிருக்கும். பூட்டின் படத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள். வெறும் ஆல்டிராப்பும் தொங்கு பூட்டும்தான் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் பூட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மார்ட்டிஸ் கதவிலும் ஆல்டிராப் இருந்தால், ஓனர் பதில் சொல்லும் வரை வெளியே போகும்போது அதில் ஒரு தொங்கு பூட்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.

இனி, அவர் தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம். முன்பு இருந்த குடும்பத்தின்மீது சந்தேகம் என்று பேச்சைத் தொடங்கினால், "அவங்க தங்கமான மனுஷங்க" என்று அவர் அவர்களுக்காக வாதாடத் தொடங்குவார், பூட்டு மறந்துபோகும். உண்மையில் பிரச்சினை அவர்கள் அல்லர். அவர்கள் வேலைக்கார அம்மாவிடம் ஒன்று கொடுத்திருப்பார்கள், வீடு காட்டப் புரோக்கர் ஒன்று வைத்திருப்பார், வெள்ளையடிக்க வந்தவர் ஒன்றை வாங்கிப் போயிருப்பார். நான் முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு மத்தியானம் கதவு தானாகத் திறந்தது. முந்தைய குடித்தனக்காரரின் தம்பி, அண்ணன் வீடு மாறியது தெரியாமல், கையில் பையோடு நின்றார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோனார். எனவே ஆளைப் பற்றிப் பேசாமல் சாவிக் கணக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள். போனில் சொல்லிவிட்டு, பின்வருவதுபோல் வாட்ஸப்பில் அனுப்பிவையுங்கள்:

"வணக்கம் சார். வாசல் கதவுக்கு எங்களிடம் 2 சாவி இருக்கிறது. மொத்தம் எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று கணக்குத் தெரியாததால், பூட்டின் சிலிண்டரை மட்டும் எங்கள் செலவில் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். கதவில் புதிதாகத் துளை எதுவும் போட மாட்டோம். பழைய சிலிண்டரையும் அதன் சாவிகளையும் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்பப் பொருத்தித் தருகிறோம். சரி என்று ஒரு வரி பதில் அனுப்பினால் போதும்."

இதற்கு மறுப்புச் சொல்லும் உரிமையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. சிலர் "நானே பாதி தருகிறேன்" என்றும் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்போது புதுச் சிலிண்டர் வீட்டோடு தங்கிவிடும் என்பதையும் பேசிவிடுங்கள்.

ஒரு சாவி தனக்கும் வேண்டும் என்று அவர் கேட்டால்? நீங்கள் குடியிருக்கும்போது, 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்காமல் அவர் உள்ளே வர அந்தச் சட்டம் இடம் தரவில்லை; ஆகவே சாவியைக் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் குழாய் உடைந்தால் யாராவது திறக்க வேண்டுமே. ஓர் உறையில் ஒரு சாவியைப் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதைப் பிரிக்க வேண்டி வந்தால் அவர் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுப் பொருள்களுக்குத் திருட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளை இந்த வாரமே படித்துவிடுங்கள். வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்தால்தான் பணம் என்று பாலிசியில் எழுதியிருந்தால், அது இல்லாத திருட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றுச் சாவியால் திறந்த கதவில் உடைத்த தடயம் எதுவும் இருக்காது.