2.10 பேட் சிறுவர் பிரிவுக்குப் போன கதை: பேட் லிஸ்டிங் பற்றிச் சில கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேனுங்க. 2.10 என்று எடை போட்ட பேட் ஆன்லைனில் சிறுவர் பேட்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. 2.8 போட்டதை ஒருவர் ‘எடை குறைவு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தப்பு?

இரண்டுக்கும் காரணம் அந்தப் புள்ளிதான். கடையில் 2.8 என்றால் இரண்டு பவுண்டு எட்டு அவுன்ஸ் என்று நமக்குத் தெரியும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஆகவே அது தசமப் புள்ளி இல்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் 2.8 பவுண்டு என்றே படித்து, கிலோவுக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். 1270 கிராம் வந்திருக்கும். தராசில் வைத்தால் 1134 தான். 136 கிராம் குறைந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

2.10 கதை இன்னும் மோசம். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். மிச்சம் 2.1. அதை இரண்டு பவுண்டு ஒரு அவுன்ஸ் என்று கணக்குப் போட்டால் 936 கிராம், சிறுவர் பேட் எடை. நிஜத்தில் அது 1191 கிராம். பவுண்டை ஏ பத்தியிலும் அவுன்ஸைப் பி பத்தியிலும் தனித்தனியே போட்டு, கிராமை இப்படி எடுங்கள்:

```
=ROUND(A2*453.6+B2*28.35,0)
```

லிஸ்டிங்கில் கிராமை முதலில் எழுதி, பவுண்டு அவுன்ஸை வார்த்தையாகப் பக்கத்தில் போடுங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு பேட்டையும் கடைத் தராசில் நிறுத்து எழுதுவது. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். வில்லோ மரம் காய்ந்தால் எடை இறங்கும், ஈரம் பிடித்தால் ஏறும். இன்னொரு கிரிப் ஏற்றினால் ஏறக்குறைய 50 கிராம் கூடும். அதனால் ‘ஒரு கிரிப்போடு 1162 கிராம்’ என்று எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

பொள்ளாச்சியில் இருந்து: ‘கிரேடு 1 காஷ்மீர் வில்லோ’ என்று போடலாமா?

போடலாம். ஆனால் வாங்குபவர் அதை இங்கிலிஷ் வில்லோ கிரேடு 1-ஓடு ஒப்பிடுவார், சிக்கல் அங்கேதான். மரம் ஒரு பத்தி, கிரேடு வேறு பத்தி என்று பிரித்துவிடுங்கள். கிரேடு என்பது பெரும்பாலும் பார்வைக்கு: ரேகைகள் நேராக இருக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன, கறையோ முடிச்சோ உண்டா என்று பார்த்துப் பிரிப்பது. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் கிரேடு 2, இன்னொன்றின் கிரேடு 1-ஐவிட நன்றாக அடிக்கலாம். முகப்பில் கறை இருப்பதாலேயே விலை இறங்கிய பேட்டை நானே பல வருஷம் வைத்து ஆடினேன். எனவே கிரேடோடு ரேகை எண்ணிக்கையையும், வெளிச்சத்தில் எடுத்த நேர்முகப் படத்தையும் போடுங்கள். முகத்தை ஸ்டிக்கர் மறைக்காத படமாக இருக்கட்டும்.

திருப்பூரில் இருந்து: கைப்பிடிக்கு ‘எஸ்.எச்.’ என்று எழுதினால் போதுமா?

போதாது. எஸ்.எச். என்பது ஷார்ட் ஹேண்டில், அதாவது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. பிடியின் வடிவம் வேறு: ரவுண்ட், ஓவல், இரண்டுக்கும் நடுவே செமி ஓவல். ஒரே எஸ்.எச். பேட் ரவுண்டிலும் வரும், ஓவலிலும் வரும். அளவு, வடிவம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

கரூரில் இருந்து: ‘புரொபஷனல்’ என்று போட்டால் நன்றாக விற்கிறது. தப்பா?

விற்கும், திரும்பியும் வரும். நம் ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் பாதிக்கு மேல் டென்னிஸ் பந்துதான். பின்பக்கம் குடைந்து இலேசாக்கிய டென்னிஸ் பேட்டை ‘புரொபஷனல்’ என்று வாங்கியவர், அடுத்த வாரம் லெதர் பந்து மேட்சுக்கு எடுத்துப் போவார். பந்தே 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். முதல் யார்க்கரிலேயே அடிமுனை பிளந்துவிடும். ஆகவே பந்தை முதலில் எழுதுங்கள்: சாஃப்ட் டென்னிஸ், ஹார்டு டென்னிஸ், லெதர். அப்புறம் ஆடுபவரின் உயரமும், பள்ளி அணியா கிளப் ஆட்டமா என்பதும். லெதர் பேட் என்றால், தட்டிப் பழக்கியதா இல்லையா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஈரோட்டில் இருந்து: பேட்மிண்டன் ராக்கெட்டுக்கும் கிராம் போடலாமா?

போடுங்கள், கூடவே 4யூ, 3யூ என்ற குறியையும் விடாதீர்கள். ஆடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். 4யூ என்றால் 80 முதல் 84 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89. அது நரம்பு கட்டாத எடை. நரம்பு கட்டிக் கொடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கோபிக்காரருக்கு வந்த மாதிரியே தராசோடு ஒருவர் உங்களிடமும் வருவார்.