பையின் எடையா, தூக்கும் விதமா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, எடை 30 கிலோ. பள்ளிப் பையைத் தூக்கிப் பார்த்தால் 6 கிலோவுக்குக் குறையாது. எப்போதும் வலது தோளில் மட்டுமே மாட்டிக்கொள்கிறாள். இரண்டு மாதமாக மாலையில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வலிக்கிறது என்கிறாள். இதனால் முதுகெலும்பு வளைந்துவிடுமா, டாக்டர்?

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்பின் நிலையான பக்கவாட்டு வளைவு, பை சுமப்பதால் உண்டாவதில்லை. பையை ஒரு தோளில் மாட்டும்போது உடல் சாய்வது உண்மைதான்; ஆனால் பையை இறக்கியதும் அந்தச் சாய்வு மறைந்துவிடும். எடை கூடினாலே முதுகுவலி வந்தே தீரும் என்பதையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2018இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல், குழந்தைகளின் முதுகுவலிக்குப் பள்ளிப் பைதான் காரணம் என்று சொல்வதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது. ஆகவே எல்லா வலிக்கும் பையின் மேல் பழி போட முடியாது. ஆனால் உங்கள் மகளின் வலி வரும் இடமும் நேரமும் பையைத்தான் சுட்டுகின்றன.

கழுத்திலிருந்து தோள் வரை சரிந்து இறங்கும் தசையின் மேல்தான் பையின் வார் அமர்கிறது. ஒரு தோளில் மட்டும் மாட்டும்போது, வார் நழுவாமல் இருக்கக் குழந்தை அந்தத் தோளைத் தன்னை அறியாமலே உயர்த்திக்கொண்டு, உடலை எதிர்ப்பக்கம் சாய்த்து நடக்கிறாள். அந்தத் தசை ஓய்வின்றி இறுகி நிற்பதே மாலை நேரத்து வலியாக வெளிப்படுகிறது. இரு தோள்களிலும் மாட்டினால் சுமை பகிர்ந்துவிடும். ஆனால் வார் நீளமாக இருந்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். இடுப்புக்குக் கீழே தொங்கும் பை முதுகை விட்டு விலகி நிற்பதால் உடலைப் பின்னோக்கி இழுக்கிறது. விழாமல் இருக்கக் குழந்தை முன்னால் குனிந்து, தலையையும் முன்னே நீட்டுகிறாள். பையின் எடை அதே 6 கிலோவாக இருந்தாலும், அது முதுகிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குத் தசையின் உழைப்பு கூடுகிறது. வாரைச் சுருக்கி, பையின் அடிப்பகுதி இடுப்பு எலும்புக்குக் கீழே இறங்காதபடி வைத்து, கனமான புத்தகங்களை முதுகை ஒட்டிய அறையில் அடுக்குவதன் பயன் இதுதான். இதற்குப் பணமும் செலவாகாது.

எடைக்கு வருவோம். குழந்தையின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. உங்கள் மகளுக்கு அது 3 முதல் 4.5 கிலோ, அவள் சுமப்பதோ 20 விழுக்காடு. இது ஒரு வழிகாட்டுதல்தான். தாண்டினால் உடனே தீங்கு வரும் என்ற கோடு அன்று. வீட்டு எடைக்கருவியில் பையோடும் பையில்லாமலும் அவளை நிறுத்தி, வித்தியாசத்தைப் பாருங்கள். இதே வலியோடு என்னிடம் வந்த ஒரு சிறுவனின் பையை, அவன் தாயின் முன்னிலையில் கொட்டி எடை பார்த்தோம். மொத்தம் 6.2 கிலோ, அதில் வெறும் பை 1.1, நிரம்பிய தண்ணீர்ப் புட்டி 1.3, அன்றைய பாடவேளையில் இல்லாத புத்தகங்களும் நோட்டுகளும் 1.2. புட்டியைக் காலியாக எடுத்துச் சென்று பள்ளியில் நிரப்பிக்கொண்டதில் 1 கிலோவும், இரவில் பாடவேளை பார்த்து அடுக்கியதில் 1.2 கிலோவும் குறைந்து, பை 4 கிலோவானது. வாரையும் சுருக்கினோம். மூன்றாவது வாரத்தில் வலி நின்றது. (வலி தானாகவே தணிந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

சக்கரம் வைத்த பையைப் பலர் கேட்கிறார்கள். சமதளத்தில் அது நல்லதே; படிக்கட்டு அதிகமுள்ள பள்ளியில், ஏற்கெனவே கூடுதல் எடையுள்ள அந்தப் பையைக் குழந்தை ஒரு கையால் தூக்க வேண்டியிருக்கும்.

நீங்களும் இந்த மாற்றங்களை மூன்று, நான்கு வாரம் செய்து பாருங்கள். விடுமுறை நாட்களில் வலி இல்லாமல் இருந்தால் காரணம் பைதான் என்ற எண்ணம் வலுப்படும். பை சுமக்காத நாளிலும் வலி தொடர்ந்தாலோ, நான்கு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கை மரத்துப் போனால், இரவில் வலியால் விழித்தால், காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்தால், காலில் பலம் குறைந்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். வளைவு பற்றிய ஐயம் நீங்க, மேலாடையின்றிப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, இடுப்பிலிருந்து முன்னால் குனியச் செய்து பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால், பை எவ்வளவு இலேசாக இருந்தாலும், எலும்பியல் மருத்துவர் அவளைப் பார்க்க வேண்டும்.