பாலக்கோட்டு வீட்டில் 40 பவுன்: லாக்கரா, இரும்புப் பெட்டியா?

"அம்மா பாலக்கோட்டில் தனியாக இருக்கிறார். 40 பவுன் நகை. தர்மபுரியில் வங்கி லாக்கர் எடுக்கலாமா, வீட்டிலேயே இரும்புப் பெட்டி வாங்கலாமா?"

லாக்கரே எடுங்க. அம்மா தனியாக இருக்கும் வீட்டில் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அவரை மிரட்டிச் சாவி வாங்கிவிட்டால் எல்லாம் போச்சு. நகையைவிட அவர் உயிர்தான் எனக்குப் பயம்.

ஆனால் லாக்கரில் வைத்துவிட்டால் முழு மதிப்புக்கும் வங்கி பொறுப்பு என்று நினைக்காதீங்க. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். இது 2022 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சம் 2 லட்சம். உங்கள் 320 கிராமுக்கு அது எந்த மூலைக்கு? வெள்ளம், நிலநடுக்கம் என்றால் பொதுவாக அதுவும் இல்லை. அதனால் லாக்கர் நகைக்கும் சேர்த்துத் தனியாகக் காப்பீடு எடுங்க. அதற்கு பில், எடைச்சீட்டு, நகைப் படங்கள் வேண்டும். பழைய நகைக்கு பில் இருக்காது, மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிடுங்க.

லாக்கரை அம்மா பெயரில் மட்டும் எடுக்காமல், இருவரில் யாரும் அல்லது உயிருடன் இருப்பவர் திறக்கலாம் என்று உங்களையும் சேர்த்து எடுங்க. நாமினி படிவம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்க.