பென்ஷனுக்கு ஒரு கணக்கு, வட்டிக்கு ஒரு கணக்கா? ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியரின் பதில்கள்

செல்வம் (பழைய மாணவன்): சார், அப்பாவுக்கு 62 வயது. பென்ஷன் மாதம் 50,000, அதில் வரி பிடிக்கவில்லை. ஒரே வங்கியில் இருக்கும் எஃப்.டி.க்கு வருட வட்டி 1,80,000. அதில் 18,000 பிடித்துவிட்டார்கள். ஏன் சார் இந்த வித்தியாசம்?

அன்புள்ள செல்வம்,

வரி விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான். பென்ஷன் என்பது வேலை பார்த்த காலத்தில் கையில் வராமல் பின்னால் வரும் சம்பளம். 1982 நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும், அது அரசு போடும் பிச்சையல்ல என்கிற பொருளில்தான் சொன்னது. அதனால் அது சம்பளத் தலைப்பில் வருகிறது; புதிய வரிமுறையில் 75,000 நிலையான கழிவும் உண்டு. வட்டிக்கு முதலாளி என்று யாரும் இல்லை. அது 'இதர வருமானம்'; அந்தக் கழிவு கிடையாது.

பிடித்தம் வேறு விஷயம். பென்ஷன் தருபவர் வருடம் முழுக்க எவ்வளவு வரி வரும் என்று கணக்குப் போட்டுப் பிடிக்கிறார். வங்கிக்கு அப்பாவின் பென்ஷனைப் பற்றி என்ன தெரியும்? மூத்த குடிமக்களுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் 10 சதவீதம் பிடித்துவிடும்.

2025-26க்குப் போட்டுப் பார். பென்ஷன் 6,00,000, கழிவு போக 5,25,000. வட்டியைச் சேர்த்தால் 7,05,000. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் 18,000 திரும்ப வரும். 15எச் படிவத்தை வருடத் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். நீ வகுப்பிலும் கடைசி நாளில்தான் நோட்டைக் கொண்டுவருவாய்!

ராமநாதன்: என் பென்ஷன் மாதம் 1,20,000. 2 லட்சம் வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டது. அதோடு வட்டிக்கான வரி முடிந்தது, ரிட்டர்னில் காட்ட வேண்டாம் என்கிறேன். சரிதானே?

பாதிதான் சரி ஐயா. பிடித்தது முன்பணம். உங்கள் பென்ஷன் கழிவு போக 13,65,000. புதிய முறையில் 15 சதவீதப் படியில் நிற்கிறீர்கள். அதன்மேல் வரும் வட்டிக்கும் அதே விகிதம்: 30,000, செஸ் சேர்த்து 31,200. வங்கி பிடித்தது 20,000. மீதி 11,200 உங்கள் தலையில். காட்டாமல் விட்டாலும், துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் உங்கள் பான் எண்ணுக்கு நேராக அந்த வட்டி இருக்கும்.

மீனாட்சி: கணவர் போனபின் எனக்குப் பென்ஷன் வருகிறது. நானும் 75,000 கழித்துக்கொள்ளலாம் அல்லவா?

இல்லை அம்மா. வேலை பார்த்தவர் அவர். அதனால் குடும்ப ஓய்வூதியம் சம்பளமாகாது, வட்டியோடு இதர வருமானத்தில்தான் சேரும். புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். சட்டத்தின் தர்க்கம் புரிகிறது. ஆனால் அவர் சம்பாதித்ததே உங்களிடம் வரும்போது இப்படிச் சுருங்குவது நியாயமா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.